மூடி அசையும்போது

அந்தக் கட்டடத்தில் அவளை எல்லோரும் டைப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இளவயதில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். தட்டச்சு இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போய், பள்ளி இருந்த இடத்தில் மருந்துக்கடை வந்த பிறகும் பெயர் மட்டும் அவளோடு ஒட்டிக்கொண்டது. விரல்களின் வேகமும்தான். அவள் மும்முரமாக வேலை செய்தால் அடுத்த வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பாள்: "மழைன்னு நெனச்சு மாடிக்குத் துணி எடுக்க ஓடிட்டேன், நீதானா!"

அவளுக்கு இருந்தது ஓர் அண்ணன். பஸ் ஓட்டியவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது இவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. பாதியில் படிப்பை விட்டு, லாரியில் உதவியாளாக ஏறி, உரிமம் வாங்கி, கடைசியில் பஸ்ஸின் ஸ்டியரிங் வட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்தார். "முதல்ல இவளுக்கு ஒரு கல்யாணம் முடியட்டும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "முதல்ல அவருக்கு முடியட்டும்" என்று இவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த மரியாதையிலேயே இரண்டு பேருக்கும் வயது போய்விட்டது. அதற்காக யாரும் அழுததாகத் தெரியவில்லை. வீட்டில் சண்டை உண்டு, சிரிப்பு உண்டு, ஒருவர் வர நேரமானால் மற்றவர் வாசலில் நிற்பது உண்டு.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சில் பாதி போயிற்று. மிச்சமிருந்த பாதியில் முக்கியமான சொல், சின்ன வயதிலிருந்து அவளை அவர் கூப்பிடும் "குட்டி". அவளுடைய தலையில் நரை வந்துவிட்டதை அந்தச் சொல் கண்டுகொள்ளவே இல்லை.

அப்போதுதான் அவள் வீட்டிலிருந்தே செய்யும் வேலை தேடினாள். வீட்டுச் சாதனங்கள் விற்கும் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவில் கிடைத்தது. துணி துவைக்கும் இயந்திரம் ஒழுகுகிறது, குளிர்பெட்டி குளிரவில்லை என்று வாடிக்கையாளர்கள் எழுதுவார்கள். இவள் பதில் எழுத வேண்டும். கம்பெனி ஒரு லேப்டாப் கொடுத்தது. அடிப்பக்கத்துத் திருகாணிகள் மேல் முத்திரைக் காகிதம் ஒட்டியிருந்தது. கம்பெனியைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக்கூடாது. இன்னொரு விதியும் இருந்தது. திரையில் வாடிக்கையாளரின் முகவரியும் போன் எண்ணும் தெரியும் என்பதால், இருக்கையை விட்டு எழுந்தால் மூடியைச் சாத்திவிட வேண்டும். சாத்தினால் பூட்டிக்கொள்ளும்; வந்து திறந்து கடவுச்சொல் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அவள் விதியை மதிக்கிறவள். அண்ணனின் கட்டிலருகே ஒரு ஸ்டூலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தாள். "குட்டி" என்று சத்தம் வந்தால் மூடியைச் சாத்துவாள். தண்ணீர் கொடுத்து, வாயைத் துடைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மறுபடி வந்து திறப்பாள். பெரும்பாலும் ஒரு கையில்தான் திறக்க முடியும்; இன்னொரு கை அவருடைய கழுத்துக்கு அடியிலோ தம்ளரிலோ இருக்கும். மூடியின் இடது ஓரத்தைப் பிடித்து ஒரு இழு, அவ்வளவுதான். காலையிலிருந்து மாலை வரை எத்தனை தடவை என்று அவள் எண்ணியதில்லை. தாகத்தை யார் எண்ணுவார்கள்?

இரண்டாவது வருடம் முடியும் சமயத்தில் திரை நடுங்கத் தொடங்கியது.

முதலில் தண்ணீரில் காற்று பட்டது போல ஒரு சிலிர்ப்பு. பிறகு குறுக்குக் கோடுகள். மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் வெளிச்சம் விட்டுவிட்டு வரும், முன்னால் கொண்டுவந்தால் நடுக்கம் நின்றுவிடும். அண்ணன் படுத்தபடியே அதைப் பார்த்துவிட்டார். கோணிய வாயில் சிரிப்பு வந்தது.

"குட்டி... கண்... அடிக்குது."

"எது?"

"உனக்கு... கண்ணடிக்குது. மாப்ள."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதிர்முனையில் எழுதிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதாயிற்று. "இந்த வயசுல எனக்கு இவன்தான் கெடச்சானா?" என்றாள். அன்றிலிருந்து அந்த லேப்டாப்புக்கு மாப்பிள்ளை என்று பெயர்.

மாப்பிள்ளையின் குணம் சீக்கிரமே கெட்டது. கண்ணடிப்பது போய் கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தான். திறந்தவுடன் படம் வரும். கையை எடுத்ததும் திரை கறுத்துவிடும். ஆனால் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். விசிறிச் சத்தம் கேட்கும். வாடிக்கையாளர் எழுதும்போது வரும் மணியோசை கேட்கும். அவர்கள் "ஹலோ, இருக்கீங்களா?" என்று கேட்பது அவளுக்குத் தெரியும், கண்ணால் பார்க்க முடியாது. மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்து, ஓரிடத்தில் உயிர் வந்ததும், மூச்சுவிடாமல் கையை எடுப்பாள். மூடி பாதி கவிழ்ந்த நிலையில்தான் அந்த இடம் இருந்தது. பின்னால் மடித்த துண்டை முட்டுக்கொடுத்து, தான் குனிந்து, தலையைச் சாய்த்துப் படித்து வேலை செய்தாள். சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியாது.

ஒருநாள் திரை இருண்டபோது, பழைய பழக்கத்தில், பார்க்காமலே பதில் அடித்துவிட்டாள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் அடுத்த வாடிக்கையாளர் வந்திருந்தார். அடுப்பைப் பற்றிக் கேட்ட பெண்மணிக்கு "அதன் உள்ளே உள்ள பனிக்கட்டியை உருகவிடுங்கள்" என்று பதில் போயிருந்தது. அந்தப் பெண்மணி மேலிடத்துக்குப் புகார் எழுதினார். அண்ணனிடம் சொன்னபோது அவர் இருமல் வரும்வரை சிரித்தார். அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அவள் லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். அண்ணனை அன்று அடுத்த வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவர் கண்ணாடி போட்ட, தொந்தி விழத் தொடங்கிய, முப்பது தாண்டிய மனிதர். கெட்டவர் இல்லை. அவருடைய மேஜையில் திறந்த இயந்திரங்கள் நோயாளிகள் மாதிரி வரிசையாகக் கிடந்தன. இவளுடையதை வாங்கி, மூடியைத் திறந்து, நேராக நிறுத்தி வைத்தார். படம் பளிச்சென்று வந்தது. ஏதோ சோதனை ஓட்டிவிட்டு வேறு வேலைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தபோதும் அப்படியேதான் இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு அக்கா?"

"மூடியை அசைச்சுப் பாருங்க தம்பி."

அவர் இரண்டு தடவை முன்னும் பின்னும் ஆட்டினார். மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தவன் மாதிரி ஒழுங்காக இருந்தான். பையில் குலுங்கி வந்ததில் உள்ளே எதுவோ எப்படியோ உட்கார்ந்துவிட்டது போல. அவளுக்கு அவமானமாக இருந்தது. வேறு யாரோ செய்த குறும்புக்குத் தான் தலைகுனிந்து நிற்பது போல.

"ஸ்கிரீனோட டிரைவர் சாஃப்ட்வேரைப் புதுசாப் போட்டுவிட்டிருக்கேன். இனிமே வராது," என்றார் அவர்.

'டிரைவர்' என்ற சொல்லை வீட்டில் போய்ச் சொன்னதும் அண்ணன் இடது கையால் தன் மார்பைத் தட்டிக் காட்டினார்: நானா?

மறுநாளே கோளாறு திரும்ப வந்துவிட்டது. போனில் படம் பிடித்துப் பழுதுபார்ப்பவருக்கு அனுப்பினாள். "போன் கேமராவில பிடிச்சா எந்த ஸ்கிரீனும் இப்படித்தான் அக்கா கோடு கோடாத் தெரியும்" என்று பதில் வந்தது. கறுப்பாக இருந்ததைப் பிடித்து அனுப்பினாள். வெறும் கறுப்பு, அதில் என்ன தெரியும்? அணைத்து வைத்த லேப்டாப்பும் அப்படித்தான் இருக்கும்.

தெருமுனையில் ஒரு பழுதுபார்க்கும் கடை இருந்தது. கடைக்காரர் மூடியை மெல்ல ஆட்டினார். அவர் கையில் திரை ஒழுங்காகக் கறுத்தது. பிறகு அடிப்பக்கத்தைத் திருப்பி முத்திரையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"கை வைக்க மாட்டேம்மா. ஆனா கேபிளாத்தான் இருக்கும். இந்தக் கீலுக்குள்ள போற ஒயர். ஆபீஸ்ல சொல்லி மாத்தச் சொல்லுங்க, சின்ன வேலைதான்."

சொன்னாள். சொன்னது வினையாயிற்று. "வெளியில காட்டினீங்களா?" என்ற கேள்விதான் முதலில் வந்தது.

அவளுடைய குழுவின் தலைவி அவளைவிட ரொம்ப இளையவள். வீட்டில் கைக்குழந்தை, எப்போதும் தூக்கம் போதாத கண்கள். வீடியோவில் கூப்பிட்டுப் பேசினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்குக் கணக்கு வருது. நீங்க மூடியை எப்போ மூடறீங்க, எப்போ திறக்கறீங்கன்னு எல்லாம் பதிவாகுது. ஸ்கிரீன் போச்சுன்னு நீங்க சொல்ற நேரம் எல்லாமே நீங்க எழுந்துபோயிட்டு வந்த நேரத்துக்குப் பக்கத்துலயே இருக்கு."

"ஆமாம்மா. போயிட்டு வந்து திறந்தாத்தான் போகுது."

தலைவி கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "வீட்ல உடம்பு சரியில்லாதவர் இருக்கார்னு எனக்குத் தெரியும்க்கா. கஷ்டம்னா நேராவே சொல்லலாம். நான் புரிஞ்சுக்குவேன். ஸ்கிரீன் மேல பழி போட வேண்டியதில்ல."

இவள் சொன்னது பொய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பொய்க்காரி ஒருத்திக்குக் காட்டும் கருணை அந்தக் குரலில் இருந்தது. அது சுட்டது. அன்று அவள் சாப்பாடு ஊட்டும்போது அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு?" என்றார். யார் உன்னைத் திட்டினார்கள் என்று அர்த்தம். "யாரும் இல்லண்ணா. மாப்பிள்ளை வீட்டோட கொஞ்சம் மனஸ்தாபம்" என்றாள். அவர் சிரிக்கவில்லை.

பழுதுபார்ப்பவருக்கு ஒரு யோசனை வந்தது. அலுவலகத்தில் பழைய மானிட்டர் ஒன்று சும்மா கிடந்தது. அதை அனுப்பி வைத்தார். லேப்டாப்பில் செருகியதும் அதில் படம் அசையாமல் நின்றது. லேப்டாப்பின் திரை கண்ணடித்தாலும், கண்ணை மூடினாலும், மானிட்டர் தன் பாட்டுக்கு வெளிச்சமாக இருந்தது. "பாத்தீங்களா, மெஷின் நல்லா இருக்கு. இதை வச்சே ஓட்டுங்க" என்று சொல்லிப் புகாரை முடித்து வைத்தார். மானிட்டரில் படம் ஒழுங்காக வருகிறதென்றால் கோளாறு லேப்டாப்பின் மூடியிலோ அதற்குப் போகும் வழியிலோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். அது அவருக்குத் தெரியாதது அல்ல. அன்றைக்கு மேஜையில் வேலை குவிந்து கிடந்தது. ஒரு புகார் முடிந்ததே என்று இருந்துவிட்டார்.

மானிட்டர் கனமானது. அகலமான கால். கட்டிலருகே ஸ்டூலில் நிற்காது. அண்ணனின் அறையில் ஆஸ்பத்திரிக் கட்டிலும் சக்கர நாற்காலியும் போக ஓர் ஆள் திரும்பத்தான் இடம். சாப்பாட்டு மேஜை அந்தக் கதவுக்குள் நுழையாது. கட்டிலைக் கழற்றி முன்னறைக்குக் கொண்டுவந்து மறுபடி பொருத்தலாம். அதற்கு இரண்டு மூன்று ஆண்கள் வேண்டும். அடுத்த வீட்டுக்காரியின் கணவரும் மாடி வீட்டுக்காரரும் வருகிற விடுமுறை நாளில் வந்து செய்து தருவதாகச் சொன்னார்கள்.

அதுவரை சமாளிக்கலாம் என்று முன்னறை மேஜையில் மானிட்டரை வைத்தாள். அண்ணனைப் பார்க்க அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி, கதவுக்கு எதிரே நாற்காலியில் சாய்த்து வைத்தாள். எப்படித் திருப்பினாலும் அவர் முகம் அதில் அகப்படவில்லை. போர்வையும் இரண்டு பாதங்களும் தெரிந்தன. இடது பாதம் அசையும். அவர் விழித்திருந்தால் அது பிரேக்கை மிதிப்பது போல மெல்ல மேலும் கீழும் போகும். அதைப் பார்த்தால் அவளுக்குத் தெம்பாக இருக்கும். சத்தமும் கேட்கும்தான், ஆனால் அவர் குரல் இப்போது தேய்ந்திருந்தது. தெருவில் வண்டி போனால் அமுங்கிவிடும்.

"அங்க... போயிட்ட" என்றார் முதல் நாள்.

"பக்கத்துலதான்ணா இருக்கேன். லீவு அன்னைக்கு உன்னையும் முன்னறைக்குக் கொண்டுவந்துருவோம். ஜன்னல் பக்கம் படுத்துக்கிட்டுப் போற வர்ற பஸ்ஸையெல்லாம் திட்டலாம்."

அந்த யோசனை அவருக்குப் பிடித்திருந்தது. கண்ணை மூடித் திறந்து சம்மதம் சொன்னார்.

விடுமுறைக்கு முந்தின நாள் பகல். ஒரு பெண்ணின் வீட்டில் துவைக்கும் இயந்திரத்திலிருந்து தண்ணீர் கொட்டி, சமையலறை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பதற்றத்தில் எழுதினாள். குழாயை எங்கே மூடுவது, பிளக்கை எப்படிப் பிடுங்குவது என்று இவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடுவே கண்ணாடியைப் பார்த்தாள். பாதங்கள் அசையாமல் இருந்தன. தூங்குகிறார் என்று நினைத்தாள். காலையில் சாப்பிட்டுவிட்டு அந்த நேரத்தில் அவர் தூங்குவது வழக்கம்தான். நல்லவேளை, தூங்கட்டும் என்றுகூட நினைத்தாள். அந்தப் பெண்ணின் வீட்டில் தண்ணீர் நின்றது. "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்று எழுதி, கும்பிடும் கைகளின் படம் போட்டாள். மனதில் லேசான சந்தோஷத்தோடுதான் அவள் எழுந்து உள்ளே போனாள்.

அண்ணன் கதவுப் பக்கம் முகம் திருப்பியிருந்தார். கண்கள் திறந்திருந்தன. இடது கை கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

அவள் கத்தினாளா என்று அவளுக்கு நினைவில்லை. அடுத்த வீட்டுக்காரி ஓடிவந்தபோது அவள் அவருடைய காலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாளாம், குளிரில் நடந்து வந்தவருக்குத் தேய்ப்பது போல. முன்னறையில் மணியோசை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அடுத்த வீட்டுக்காரிதான் போய் மூடியைச் சாத்தினாள்.

வந்து பார்த்த டாக்டர் பொறுமையானவர். மூளைக்குள் பெரிதாக ரத்தம் கசிந்திருக்கும், ஒரு நொடியில் நடந்திருக்கும், அவருக்கு வலி தெரிந்திருக்காது என்றார். "நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாலும் இதுதாம்மா நடந்திருக்கும்." அவள் தலையாட்டினாள். கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

மறுநாள் கட்டிலைக் கழற்ற வருவதாகச் சொன்ன இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணனைத் தூக்கத்தான் அவர்களால் முடிந்தது.

காரியங்கள் முடிந்தபின் அவள் வேலையை விடுவதாக எழுதினாள். இனி வீட்டிலிருந்து செய்யும் வேலை அவளுக்கு எதற்கு? லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். பையில் போட்டு எடுத்துப் போனாள். அதே மேஜை, அதே கண்ணாடிக்காரர். அவருக்குச் செய்தி தெரியும். "கேள்விப்பட்டேன் அக்கா" என்றார். லேப்டாப்பை வாங்கித் திறந்தார். திரும்ப வரும் இயந்திரங்களை நான்கு பக்கமும் படம் எடுத்து வைக்க வேண்டுமாம். அதற்காக மூடியை முழுக்கப் பின்னால் சாய்த்தார்.

திரை படபடவென்று துடித்து, கறுத்தது.

அவர் கை அப்படியே நின்றது. மூடியை முன்னால் கொண்டுவந்தார். வெளிச்சம் வந்தது. பின்னால் சாய்த்தார். போயிற்று. மேஜையிலிருந்த சின்ன டார்ச்சை எடுத்துக் கறுப்புத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பார்த்தார். அந்தக் கறுப்புக்குள்ளே படம் மங்கலாக இருக்கத்தான் செய்தது. பின்னாலிருந்து வரும் வெளிச்சம்தான் செத்திருந்தது.

அவளைப் பார்க்காமல் முத்திரையைக் கிழித்தார். அடிமூடியைக் கழற்றி, முதலில் பாட்டரியின் இணைப்பைப் பிடுங்கினார். பிறகு திரையைச் சுற்றியிருந்த சட்டத்தை நகத்தால் நெம்பி எடுத்தார். இடது கீலருகே அது ஏற்கெனவே லேசாக விரிசல் விட்டிருந்தது. கீலின் திருகாணி ஒன்று தளர்ந்து, இரும்பு சற்றே தூக்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் கேபிள். தலைமுடி போன்ற கம்பிகள் பல சேர்ந்த ஒரு கற்றை; மேலே கறுப்புத் துணி நாடா சுற்றியது. அடியிலுள்ள சர்க்யூட் பலகையிலிருந்து புறப்பட்டு, கீலைச் சுற்றி வளைந்து, திரையின் முதுகுக்குப் போகிறது. வளையும் இடத்தில் நாடா நைந்து பஞ்சு பஞ்சாக இருந்தது. உள்ளே மெல்லிய கம்பிகள் சிலவற்றின் உறை உரிந்து செம்பு மின்னியது. இரண்டு கம்பிகள் அறுந்தே போயிருந்தன. மூடி ஒரு நிலையில் இருந்தால் அறுந்த முனைகள் தொட்டுக்கொள்ளும். அசைந்தால் விலகும்.

அவர் அதைத் தூக்கி அவளுக்குக் காட்டினார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார்: "ரொம்பத் தடவை திறந்து மூடியிருக்கீங்க போல. ஒரு ஓரத்தைப் பிடிச்சே திறந்தா இப்படித்தான், எல்லா இழுப்பும் இந்தக் கீல் மேலயே விழும்."

"ஆமா தம்பி" என்றாள். "அவர் கூப்பிடும்போதெல்லாம் மூடுவேன். ஒரு கைதான் காலியா இருக்கும்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அண்ணன் போன நாளிலிருந்து அவள் நாலு பேர் முன்னால் அழவில்லை. அங்கே, திறந்து கிடந்த இயந்திரங்களுக்கு நடுவில், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த மனிதர் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

அவர்தான் போய்க் குழுத்தலைவியை அழைத்து வந்தார். அவள் அறுந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். அவர் மெல்ல விளக்கினார். மூடியை மூடித் திறந்த பதிவு எல்லாம் சரிதான். அந்த நேரங்களில்தான் இந்தக் கம்பி வளைந்திருக்கிறது, அந்த நேரங்களில்தான் திரை போயிருக்கிறது. தலைவியின் முகம் வெளுத்தது. "அக்கா, நீங்க சொன்னதை நான்..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் கையை விலக்கவில்லை.

புதுக் கேபிள் அலமாரியிலேயே இருந்தது. இதே ரகத்துக்கு நிறையப் போகிறது என்று வாங்கி வைத்திருந்தார்களாம். பழையதை உருவி, புதியதைக் கீலைச் சுற்றிக் கொஞ்சம் தளர்வாக விட்டு வளைத்து, இணைப்புகளை அழுத்தி, நாடா ஒட்டி, தளர்ந்த திருகாணியை முறுக்கி, கடைசியில் பாட்டரியைச் செருகினார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மூடியை முன்னும் பின்னும் பலமுறை ஆட்டிக் காட்டினார். வெளிச்சம் அசையாமல் நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் அந்தக் கேள்வி காதில் விழுந்தது.

விலகல் கடிதத்தைத் தலைவி வாங்கிக்கொள்ள மறுத்தாள். "வீட்டில தனியா உட்கார வேண்டாம்க்கா. இங்க வந்து எங்களோட உட்காருங்க" என்றாள். ஒரு வாரம் யோசித்துவிட்டு அவள் போனாள். மன்னித்துவிட்டதால் இல்லை. காலையில் எழுந்தால் போவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதால். அலுவலகத்தில் அவளுக்கு ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. பக்கத்துப் பெண்கள் அவளுடைய வேகத்தைப் பார்த்து வியந்தார்கள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சில நாள் போவாள். சில நாள் பசியில்லை என்பாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலை அவள் இன்னொரு நோயாளியின் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். இந்தத் தடவை அந்த இரண்டு பேரும் வந்து கழற்றிக் கொடுத்தார்கள். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் மானிட்டர் மட்டும் துணி மூடிக் கிடந்தது. அதை எடுத்துப் போக ஒரு விடுமுறை நாளின் காலையில் பழுதுபார்ப்பவரே வந்தார். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம்.

மானிட்டரைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிய பிறகும் அவர் கிளம்பவில்லை. காலியான உள்ளறையை வாசலில் நின்று பார்த்தார். அங்கிருந்து மேஜையைப் பார்த்தார். எவ்வளவு தூரம் என்று அளந்தது போல இருந்தது.

"அக்கா, நீங்க முதல் தடவை வந்த அன்னைக்கே நான் சட்டத்தைக் கழட்டிப் பாத்திருக்கணும். ரெண்டு தடவை ஆட்டிப் பாத்தது போதும்னு விட்டுட்டேன். பாத்திருந்தா நீங்க அந்த ரூம்லயே இருந்திருப்பீங்க."

"இருந்திருப்பேன்" என்றாள் அவள்.

"அவர்..."

"பக்கத்துல இருந்தாலும் போயிருப்பார்னு டாக்டர் சொல்றார்."

அவர் தயங்கினார். "நீங்க அதை நம்புறீங்களாக்கா?"

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது. அது போய்ச் சத்தம் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"சில நாள் நம்புறேன் தம்பி" என்றாள். பிறகு, "உட்காருங்க. டீயில சர்க்கரை போடலாமா உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.